கரண்டியின் உயரம்

ஒரு முழ உயரத்திலிருந்து விழும் சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு சத்தம் உண்டு. தட்டோடு ஒட்டிக் கரண்டியைச் சாய்த்தால் அந்தச் சத்தம் வராது. நெய்யின் வழுக்கலில் பொங்கல் தானாக இறங்கிப் பாக்குமட்டைத் தட்டில் உட்கார்ந்துகொள்ளும். உயரத்திலிருந்து விட்டால்தான் தொப்பென்று விழும். முந்திரி ஒன்று தெறித்து வாங்குகிறவரின் சட்டையில் ஒட்டும். அவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். பதினாறு சித்திரைகள் அந்தச் சத்தத்தை எழுப்பியது வேறு யாருமல்ல, என் வலது கைதான். இதே கையால்தான் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் மனித நேயத்தைப் பற்றி எழுதிப்போடுகிறேன். இதே கையால்தான் கவிதை என்று எதையோ எழுதுகிறேன். கை என்ன செய்யும்? அதற்குச் சொல்லிக்கொடுத்தபடி செய்கிறது. கையின் மேல் பழி போடுவது எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள்.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், பங்காளிகள், அம்மன் கோயில், தென்னந்தோப்பு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் எங்கள் வீடுகளில் 'அந்தத் தெரு' என்பார்கள், அவ்வளவுதான். சித்திரைத் திருவிழாவின் கடைசி நாள் உச்சிவேளையில் அம்மனுக்குப் பொங்கல் படைத்து ஊருக்கெல்லாம் பந்தி வைப்போம். கமிட்டித் தலைவர் என் பெரியப்பா. பொங்கல் அண்டா அருகே நின்று பரிமாறுவது எங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை. எனக்கு முன்னால் அப்பா, அவருக்குப் பிறகு நான். கரண்டியை என்னிடம் கொடுத்த அன்று பெரியப்பா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "மண்டபத்துல ஒட்டி வையி. புங்க மரத்தடியில கை படாமப் போடு." புங்க மரத்தடியில்தான் அந்தத் தெருக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், எல்லோருக்கும் கடைசியாக. ஏன் என்று நான் கேட்கவில்லை. தமிழில் முதுகலை படித்தவன், ஏன் என்ற சொல்லுக்கு வேர் எதுவென்று சொல்லத் தெரிந்தவன், கேட்கத்தான் தெரியவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததே எங்கள் கோயிலின் மைக்செட்டுக்காரரை நினைத்துத்தான். ஊருக்கு அவர் 'மைக்செட்டு'. சின்னமனூரில் சின்னக் கடை, பின்னால் ஒட்டினாற்போல் வீடு. ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பந்தல் காலிலும் தென்னையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, புங்க மரத்தடியில் ஸ்டூல் மேல் ஆம்ப்ளிஃபயரை வைத்து, மைக்கின் வாயில் துவைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றைச் சுற்றிக்கொண்டு உட்காருவார். எச்சில் படக் கூடாதாம். அம்மன் பேரைச் சொல்லுகிற மைக் இல்லையா என்பார். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதிகாரம் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. சொந்த வீட்டுக்கு வந்தவர்களிடம் அடுக்களையிலிருந்து பேசுகிற குரல்.

கொஞ்ச வருடங்களாக எங்கள் திருவிழாவுக்கு வெளியூர் விருந்தாளிகள் அதிகம். பெரியப்பாவின் மகன் பெங்களூரில் இருக்கிறான். கூட வேலை பார்ப்பவர்களை வேன் பிடித்து அழைத்துவருவான். திராட்சைத் தோட்டம் பார்க்க வந்தவர்கள், குமுளிப் பக்கத்துச் சிநேகிதர்கள், யாரோ ஒருவரின் வெளிநாட்டு மருமகன் என்று மண்டபம் நிறையும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தீர்த்தத்தை இடது கையில் வாங்குவார்கள். விபூதியைத் தூணில் தட்டிவிட்டுப் போவார்கள். படையல் போடும் முன்பே அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "ஆஹா, என்ன வாசனை" என்று மோந்து பார்ப்பார்கள். ஆகவே விருந்தினர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. வாத்தியாரான என்னை எழுதச் சொன்னார்கள். 'பக்தகோடிகள் பயபக்தியுடன் பிரசாதத்தைப் பெற்றுய்யுமாறு' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டுபோனேன். மைக்செட்டுக்காரர் நிதானமாகப் படித்தார். நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூல் காலுக்கு அடியில் செருகினார்.

"கோவிச்சுக்கிறாதீக சார். நோட்டீசுக்கு நல்லாருக்கு. காதுக்கு இது ஏறாது. நான் என் பாசையில சொல்லிக்கிறேன்."

சொன்னார். ஒவ்வொரு வருடமும் சொன்னார். எனக்கு அது முழுதும் மனப்பாடம். "வெளியூர்ல இருந்து வந்திருக்கவுகளுக்கு வணக்கம். தீர்த்தம் குடுத்தா வலது கையக் குழிச்சு நீட்டுங்க, இடது கைய அடியில வைங்க, சிந்தக் கூடாது. சத்தம் போட்டு உறிஞ்சாதீக. கையில மிச்ச ஈரத்தத் தலையில தடவிக்கிருங்க, உதறாதீக. துன்னூற வலது உள்ளங்கையில வாங்கி அப்படியே நெத்தியில இட்டுக்கிருங்க. மிச்சம் இருந்தா காகிதத்துல மடிச்சுக்கிருங்க, தூணு பாவம், அதுக்கு ஏற்கெனவே எட்டு முழத்துக்குப் பூசியாச்சு." இந்த இடத்தில் மண்டபம் சிரிக்கும். "பொங்கல வாங்குனதும் அவதி அவதியாத் திங்காதீக. ஒருவாட்டி கண்ணுல ஒத்திக்கிட்டு, பக்கத்துல வாங்காதவுக யாரும் நிக்கிறாகளான்னு பாருங்க. நின்னா ஒரு வாய் அவுகளுக்குக் குடுத்துட்டு அப்புறம் சாப்பிடுங்க. சுகர் இருக்கா? வேண்டாம்னு சொல்லாதீக, ஒரு பருக்கை போதும், அம்மனுக்கு டாக்டர் மேல கோவம் கெடையாது. வேற சாமி கும்புடுறவுக, சாப்பிட மனசில்லாதவுக, யாரும் கட்டாயப்படுத்த மாட்டாக. கையில வாங்கிப் பக்கத்துல இருக்கவுகளுக்குக் குடுத்துருங்க, தரையில மட்டும் வைக்காதீக. சிந்துனத மிதிக்காம அள்ளி மரத்தடியில போடுங்க, எறும்பும் வந்திருக்குல்ல திருவிழாவுக்கு."

வாங்குவதைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன மனிதர், தன் தட்டை நீட்டும்போது மட்டும் தலைகுனிந்து நிற்பார். பந்தியின் கடைசியில் மைக்கை அணைத்துவிட்டு வரிசையில் வந்து நிற்பார். வலது கைக்கு அடியில் இடது கை. எனக்கு அவர் முகம் தெரியும், குரல் தெரியும், அவர் கட்டியிருக்கும் வாட்ச் கூடத் தெரியும். நான் கரண்டியை உயர்த்துவேன். தொப். கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விடுவார்.

எத்தனை விதிகள், பார்த்தீர்களா? வாங்குகிற கை எப்படி இருக்க வேண்டும், வாங்குகிற வாய் என்ன சொல்லக் கூடாது, வாங்குகிற கால் எதை மிதிக்கக் கூடாது. கொடுக்கிற கைக்கு ஒரு விதியும் இல்லை. என் ஒன்றரைப் பக்கத்திலும் இல்லை. பிரசாதம் என்பது எப்படி உண்டாகிறது என்று எங்கள் பூசாரியிடம் கேளுங்கள், அழகாகச் சொல்வார். பொங்கல் இறங்கியதும் முதல் கரண்டியை யாரும் ருசி பார்க்காமல் தலைவாழை இலையில் எடுத்து அம்மன் முன்னால் வைப்பார்கள். திரை விழும். இலையைச் சுற்றி நீர் விளாவி, மணியடித்து, கற்பூரம் காட்டித் திரை விலகும். பிறகு அந்த இலைப் பொங்கலைத் திரும்ப எடுத்துவந்து பெரிய அண்டாவில் போட்டுக் கலந்துவிடுவார்கள். கலந்த நொடியிலிருந்து அண்டா முழுவதும் பிரசாதம். எந்தப் பருக்கை அம்மன் தொட்டது, எது தொடாதது என்று யாராலும் பிரிக்க முடியாது. அதுதான் அந்தச் சடங்கின் அர்த்தமே. அம்மன் கலந்துவிடுகிறாள். நாங்கள்தான் அண்டாவிலிருந்து கரண்டிக்கு வரும் தூரத்துக்குள் மறுபடி பிரித்துவிடுகிறோம். எவ்வளவு திறமை எங்களுக்கு! பெரியப்பா பெருமையாகச் சொல்வார்: "அந்தக் காலத்துல மதிலுக்கு வெளியதான் நின்னாங்கெ. நம்ம கமிட்டி வந்துதான் உள்ள விட்டுருக்கோம்." உள்ளே விட்டு உயரத்திலிருந்து போடுவதற்குப் பெயர் முன்னேற்றம்.

போன சித்திரைக்கு முந்தின சித்திரையில் அது நடந்தது. மைக்செட்டுக்காரரின் மகள் அதற்கு முன் டெங்குக் காய்ச்சலில் விழுந்து, தேனி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து, பிழைத்து வந்திருந்தாள். பிழைத்தால் மாவிளக்கு எடுக்கிறேன் என்று அவள் அம்மா நேர்ந்திருந்தார். மாவிளக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு, எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்தது. ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியை இடித்துச் சலித்து, வெல்லமும் ஏலமும் போட்டுப் பிசைந்து, நடுவில் குழித்து நெய்யூற்றித் திரி ஏற்றுவார்கள். விளக்கு தானாகக் குளிர வேண்டும். அணைந்தது என்று சொல்ல மாட்டோம், மலையேறியது என்போம். அதற்குப் பிறகு திரியை எடுத்து, கருகிய இடத்தைக் கிள்ளிவிட்டு, நெய் ஊறிய மாவை உடைத்துத் தேங்காய்ச் சில்லோடு தட்டில் வைத்து அங்கே இருப்பவர்களுக்கு நீட்ட வேண்டும். நாலு பேர் ஒரு துணுக்கு எடுத்து வாயில் போட்டால்தான் நேர்த்தி முடிந்தது. யாரும் எடுக்காத மாவிளக்கு நேர்த்தியே ஆகாது. எல்லாச் சடங்கிலும் சாமி மட்டும் போதும். இதற்குப் பக்கத்தில் நிற்கும் மனிதர்களும் வேண்டும்.

மைக்செட்டுக்காரர் பெரியப்பாவிடம் முன்னமே கேட்டிருந்தார். நான் அங்கேதான் இருந்தேன்.

"விளக்கு வையி, ஆரு வேண்டாம்னா? மலையேறுனதும் கொண்டுபோயி உங்க தெருவுல பங்கு வச்சுக்க."

"மத்த விளக்கெல்லாம் மண்டபத்துலதானங்கய்யா உடைக்கிறாக."

"மத்த வெளக்கு மத்த வெளக்குடா. ஏலே, ஒனக்கு மைக்கக் குடுத்ததே தப்புங்கிற மாதிரிப் பேசாத."

அவர் சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்கு எந்தத் தண்டனையும் போதாது.

அன்று உச்சிவெயில். மண்டபத்தில் வரிசையாக இருபது முப்பது மாவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. புங்க மரத்தடியில் ஒற்றை விளக்கு. அதன் முன்னால் மைக்செட்டுக்காரரின் மனைவி சேலைத் தலைப்பால் காற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள், காய்ச்சலில் கொட்டின முடி மறுபடி வளர ஆரம்பித்த தலையோடு. அப்போது மண்டபத்தில் ஒரு கூத்து நடந்தது. பெங்களூர் வேனில் வந்த குழந்தை ஒன்று, நாலு வயது இருக்கும், பெரியப்பா வீட்டு மாவிளக்கின் முன்னால் போய் உட்கார்ந்து, பிறந்தநாள் கேக் என்று நினைத்து, கன்னம் உப்ப ஊதி அணைத்துவிட்டது. ஊதியதோடு நிற்காமல் கையும் தட்டியது. அதன் அம்மா வெலவெலத்துப்போனாள். வாயால் ஊதுவது எவ்வளவு பெரிய தப்பென்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். "பச்சப்புள்ள ஊதுனா அம்மனே ஊதுன மாதிரி!" எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா விளக்கை மறுபடி ஏற்றினார். மைக்கில் அந்தக் குரல் இதமாக வந்தது. "பரவால்ல தாயி, பயப்படாதீக. நம்ம பக்கம் விளக்க வாயால ஊத மாட்டோம். தானா மலையேற விட்டுருவோம். அவசரம்னா ஒரு பூவ வச்சுக் குளிர வைப்போம். பாப்பாவுக்கு அடுத்த வருசம் தெரிஞ்சுரும்." இது தப்பென்றால் இதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்த ஊர்தான் எங்கள் ஊர். பொறுமை எங்களிடம் அண்டா அண்டாவாக இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் கரண்டி வேலை செய்கிறது.

விளக்குகள் ஒவ்வொன்றாக மலையேறின. மண்டபத்தில் பெண்கள் தட்டுகளை ஏந்திக்கொண்டு கிளம்பினார்கள். ஆளுக்காள் நீட்டுவதும் எடுப்பதும் கண்ணில் ஒற்றுவதுமாகக் கலகலப்பு. புங்க மரத்தடி விளக்கும் மலையேறியது. ஒரு பூவும் வைக்கவில்லை, ஒரு வாயும் ஊதவில்லை. கடைசிச் சொட்டு நெய்வரை நின்று எரிந்து தானாகக் குளிர்ந்த விளக்கு அது. அந்த அம்மாள் மாவை உடைத்துத் தட்டில் பரப்பி எழுந்தார். தெருவைப் பார்த்துத் திரும்பவில்லை. மண்டபத்தைப் பார்த்து நடந்துவந்தார். முதல் படிக்கு அருகில், பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். அதாவது எனக்கு நேர் எதிரில். தட்டை நீட்டினார்.

"எடுத்துக்கங்க வாத்தியாரே. பிள்ள பொழைச்சு வந்ததுக்கு."

என் வலது கையில் கரண்டி இருந்தது. இடது கை சும்மா இருந்தது. கரண்டியைக் கீழே வைக்க ஒரு நொடிகூட ஆகாது. மண்டபம் மொத்தமும் என்னைப் பார்ப்பது முதுகில் உறைத்தது. நான் சொன்னேன், "கை வேலையா இருக்கு மதினி. அப்புறமா..." மதினி என்று சொல்லி முறை கொண்டாடிக்கொண்டு ஒரு துணுக்கு மாவை மறுத்தேன். அந்த அம்மாள் தட்டை இறக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் பங்காளிகளின் பக்கம் நகர்த்தினார். ஒருத்தன் செல்போனை எடுத்துப் பார்த்தான். ஒருத்தன் வேட்டியை மடித்துக் கட்டினான். தட்டு காற்றில் நின்றது. மகள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, போவோம்."

அப்போது மைக் பேசியது.

"விருந்தாளிக ஒரு நிமிசம் கேளுங்க. இன்னொண்ணு சொல்ல விட்டுப்போச்சு." குரல் மாறவே இல்லை; அதே அடுக்களைக் குரல். "மாவிளக்குத் தட்ட யாரு நீட்டுனாலும் வேண்டாம்னு சொல்லக் கூடாது. ஒரு துணுக்கு எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிருங்க. எந்த வீட்டுத் தட்டுன்னு பார்க்காதீக. மலையேறுனதுக்கு அப்புறம் அது எந்த வீட்டு மாவும் இல்ல. அதே மாதிரி, குடுக்கிறவுகளும் கேட்டுக்கங்க. பிரசாதத்த எறியக் கூடாது. ஒட்டி வச்சுக் குடுக்கணும். நாய்க்குத்தான் தூக்கிப் போடுவோம்."

ஸ்பீக்கர் குழாய்களின் எதிரொலி தோப்பைத் தாண்டிப் போய்த் திரும்பிவந்தது. முதலில் எழுந்தவர் குமுளியிலிருந்து வந்திருந்த ஒரு மலையாள அம்மாள். அவருக்கு எங்கள் ஊரின் கோடுகள் எதுவும் தெரியாது. மைக்கில் சொன்னது தெரியும், அவ்வளவுதான். படியிறங்கி வந்து, "இங்கோட்டு தரூ சேச்சி" என்று வலது கையை நீட்டி, இடது கையை அடியில் வைத்து, சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடி ஒரு துணுக்கு வாங்கினார். கண்ணில் ஒற்றினார். வாயில் போட்டு, "நல்ல மதுரம்" என்றார். பின்னாலேயே பெங்களூர் வேன். விளக்கை ஊதின குழந்தைக்கு அதன் அம்மா ஒரு துணுக்கை ஊட்டினாள். ஏழெட்டுப் பேர் வாங்கியிருப்பார்கள். எல்லோரும் விருந்தாளிகள். எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் கை நீளவில்லை. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என்னமோ அது கீழே விழுந்தால் உலகம் கவிழ்ந்துவிடும் என்பதுபோல.

பெரியப்பா எழுந்து போய் மண்டபச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். குழாய்கள் செத்தன. "ஏலே, அவன் சாமானத்தக் கட்டிக்கிட்டுக் கெளம்பச் சொல்லு." மைக்செட்டுக்காரர் ஒயர்களைச் சுற்றினார். மைக்கிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்து மகளின் வியர்த்த நெற்றியைத் துடைத்தார். விருந்தாளிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மலையாள அம்மாள் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார், "என்ன மாஷே, அந்த ஆள் தப்பா என்ன சொன்னாரு? எல்லாம் மரியாதையாத்தானே சொன்னாரு?" வெயில், அசதி, கமிட்டி விஷயம் என்று நான் எதையோ உளறினேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்திருந்தது. மரத்தடி வரிசை அன்று பொங்கல் வாங்காமலே கலைந்தது.

போன சித்திரையில் மைக்செட்டுக்கு வேறு ஆள் வந்தார். ஆனால் விருந்தாளிகளுக்கு விளக்கிச் சொல்ல அவருக்குத் தெரியாது. பெரியப்பாவின் மகன், அதற்கு முந்தின திருவிழாவில் போனில் பிடித்து வைத்திருந்ததைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டான். திடீரென்று குழாய்களிலிருந்து அதே குரல்: "வெளியூர்ல இருந்து வந்திருக்கவுகளுக்கு வணக்கம்." தீர்த்தம், துன்னூறு, தூணு பாவம், மண்டபத்துச் சிரிப்பு, பாப்பா ஊதின விளக்கு, எல்லாம் வரிசையாக வந்தது. "இன்னொண்ணு சொல்ல விட்டுப்போச்சு" என்றது. மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கிர்ரென்று ஒரு வெட்டு. அடுத்து நாதஸ்வரம். ஆளை விரட்டிவிட்டுக் குரலை வைத்துக்கொண்டார்கள். குரலிலும் எது வேண்டுமோ அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வெட்டைக் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு நடந்தேன் என்று எழுதத்தான் ஆசை. நடக்கவில்லை. மரத்தடி வரிசை கரைந்து அன்று ஆறேழு பேர்தான் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தட்டோடு ஒட்டி வைத்தேன். முதல் ஆள் திகைத்துப்போய்த் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பெரியப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பந்தி முடிந்ததும் எவர்சில்வர் தூக்கு நிறையப் பொங்கல் எடுத்துக்கொண்டு சின்னமனூருக்கு பைக்கில் போனேன்.

கடையில் அவர் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதை என்னைச் சுட்டது. பென் டிரைவ் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"அப்ப இன்னும் நாந்தான் பேசுறேனா? சத்தம் நல்லா வந்துச்சா? அந்தப் பய ஆம்ப்ளிஃபயர்ல பேஸ் கூட வச்சிருப்பானே."

"அந்த ஒரு இடத்த மட்டும் வெட்டிட்டாக அண்ணே."

"ம்." ஸ்குரூவை விரலில் உருட்டினார். "விருந்தாளிகளுக்கு அதான் முக்கியம்."

தூக்கைத் திறந்து நீட்டினேன். உள்ளிருந்து அவர் மனைவி வந்து நிலைப்படியில் நின்றார். ஒரு வருடம் கழித்து அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். அவர் தூக்கைப் பார்க்கவில்லை.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். படிச்சவுக நீங்க, சொல்லுங்க. என் வெளக்க விருந்தாளிக எடுத்தாக. ஊருல ஒருத்தரும் எடுக்கல. நேர்த்தி முடிஞ்சதா, முடியலையா?"

நான் தூக்கை மிக்சிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கு முடிஞ்ச மாதிரி இல்ல," என்றார். "வர்ற சித்திரைக்கு மறுபடி எடுக்கப் போறேன்."

மைக்செட்டுக்காரர் தூக்கிலிருந்து ஒரு விரல் நுனி அளவு பொங்கல் எடுத்தார். கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு மூடியை அழுத்தி மூடித் தூக்கை என் பக்கம் நகர்த்தினார். கோபமாக அல்ல, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய பொருள் தவறி இங்கே வந்துவிட்டதைத் திருப்பிக் கொடுப்பதுபோல.

"இத எதுக்கு சார் இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீக? இது பந்தியில வச்சுக் குடுக்க வேண்டியது. இங்கன குடுக்குறதுக்கு ஆரு காவலுக்கு நிக்கிறா?"

"தப்புத்தான் அண்ணே."

"தப்ப விடுங்க. அவ தட்டு கொண்டு வருவா. அங்கன, படிக்குப் பக்கத்துல, எல்லாரும் பார்க்க. நீங்க எடுப்பீகளா?"

"எடுப்பேன்."

அவர் மறுபடி மிக்சியின் மேல் குனிந்தார். "இங்கன சொல்லிட்டீக," என்றார்.

இப்போது பங்குனி பாதி கழிந்துவிட்டது. மாவிளக்குக்கு அந்த வீட்டில் பச்சரிசி வாங்கியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். கமிட்டிக் கூட்டத்தில் பெரியப்பா, விருந்தாளிகளுக்கான விளக்கத்தை இந்த முறை பெரிய போர்டாக எழுதி வைத்துவிடலாம் என்கிறார். என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன். முதல் வரியிலேயே கொடுக்கிற கையைப் பற்றி எழுதினேன். அதை அவர்கள் சுண்ணாம்பு அடித்து அழித்துவிடலாம், அதற்கு ஒரு மட்டை போதும். அழிக்க முடியாதது ஒன்றுதான் பாக்கி இருக்கிறது. அது எழுதுகிற வேலை இல்லை. அன்றைக்குக் கரண்டியை வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறேன். நின்று எடுத்தேனா இல்லையா என்பதை இதைப் படிக்கிற நீங்கள் என்னிடம் கேட்க வேண்டாம். அந்தத் தட்டை ஏந்தி வருகிறவரிடம் கேளுங்கள்.